பிரிசில்லாவின் முப்பது டிகிரி

பிரிசில்லாவுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது. செய்யூரிலிருந்து செங்கல்பட்டு கல்லூரிக்கு மூன்று வருடம் பேருந்தில் போனவள், மூன்று வருடமும் ஜன்னலோர இருக்கைக்காக முதல் ஆளாக வரிசையில் நின்றாள். கல்யாணத்தன்று கார் கூட வேண்டாமென்று மாப்பிள்ளை ஜெபசிங்கின் பைக்கில்தான் புதுப்பட்டினத்துக்குக் குடிவந்தாள். பட்டுச் சேலையோடு அவள் வந்திறங்கியதைப் பார்த்த மாமியார், "இன்னாடி இது, ஓடி வந்த பொண்ணாட்டம்!" என்று சிரித்து ஆரத்தி எடுத்தார்.

அப்படிப்பட்டவளுக்கு முப்பத்திரண்டாம் வயதில் வாய்த்த வேலை, வி.ஆர். என்னும் மெய்நிகர் விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பது.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கடையின் மாடியில் ஹேமந்த் தன் சின்ன நிறுவனத்தை நடத்திவந்தான். ஹேமந்துக்கு வயது இருபத்தெட்டு. அவனையும் சேர்த்து அங்கே ஐந்து பேர். கண்ணை மூடும் பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு ஆடும் விளையாட்டு ஒன்றை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். புயல் நேரத்தில் பாழடைந்த கலங்கரை விளக்கம் ஒன்றில் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். சுழல் படிகளில் ஏறி உச்சியில் இருக்கும் விளக்கை ஏற்றிவிட்டால், கடலில் தத்தளிக்கும் படகுகள் கரைசேரும்.

நேர்முகத்தில் ஹேமந்த் கேட்ட கடைசிக் கேள்வி, "அக்கா, உங்களுக்குத் தல சுத்துற பிரச்சினை எதுனா இருக்கா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல சார்."

அதுவரை ரிசார்ட் ஒன்றின் வரவேற்பில் எட்டு மணிநேரம் நின்று நின்று கால் வீங்கியவள். உட்கார்ந்து செய்யும் வேலை என்றதும் வாய் தானாக அப்படிச் சொல்லிவிட்டது.

முதல் நாளே பொய் வெளுத்தது. ஆனால் அவளுக்கு மட்டும்தான். இடது கைப்பிடியில் கட்டைவிரலுக்கடியில் இருக்கும் சின்னக் குச்சியை முன்னே தள்ளியதும் சுவரும் படியும் அவளை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தன. கண் 'போகிறோம்' என்றது. நாற்காலியில் இருந்த உடம்பு 'எங்கேயும் போகவில்லையே' என்றது. வலது குச்சியால் திரும்பினால் இன்னும் மோசம். கலங்கரை விளக்கம் முழுக்க அவளைச் சுற்றிச் சுழன்றது. வாயில் எச்சில் ஊறியது. நெற்றி வேர்த்தது.

அவள் ஓர் உபாயம் கண்டுபிடித்தாள். எங்கே போக வேண்டுமென்று பார்த்து வைத்துக்கொள்வது, கண்ணை இறுக மூடிக்கொண்டு குச்சியைத் தள்ளுவது, மனசுக்குள் மூன்று எண்ணி, குச்சியை விட்ட பிறகு கண்ணைத் திறப்பது. பெட்டிக்குள் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அப்படியும் சுழல் படியின் மூன்றாவது வளைவில் அவசரப்பட்டுக் கண்ணைத் திறந்துவிட்டால், குமட்டல் சாயந்திரம் வரை போகாது. கதவு திறக்காதது, கயிறு சுவருக்குள் புகுந்தது என்று எல்லாப் பிழைகளையும் பிசகில்லாமல் எழுதித் தந்தாள். அறிக்கையில் 'நடை, திரும்பல்' என்ற இடத்தில் மட்டும் நான்கு மாதமாக 'ஓகே' என்றே எழுதினாள்.

வீட்டில் வேறு மாதிரிப் போனது. சாயந்திரம் வந்ததும் சோறு வேண்டாம் என்று படுத்தவளைப் பார்த்து ஜெபசிங் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அவன் ரிசார்ட்டில் எலெக்ட்ரீஷியன், பேச்சு குறைவு. ஒருநாள் இரண்டு கிலோ மாங்காயோடு வந்து நின்றான்.

"இன்னாத்துக்கு இத்தினி மாங்கா?"

"நீயா சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன். நீ சொல்லல. எத்தினி மாசம்?"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பிறகு உண்மையைச் சொன்னாள். ஜெபசிங் மாங்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"அப்ப உங்க சார்கிட்ட சொல்லிட வேண்டியதுதான?"

"சொன்னா வேல போய்டும்."

மாங்காயெல்லாம் ஊறுகாயானது.

ஐந்தாம் மாதம் வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவைத்துப் பார்க்கலாம் என்று ஹேமந்த் சொன்னான். முதலில் வந்தவர் வெங்கடராகவன். அணுபுரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர், அறுபத்தாறு வயது. ஹேமந்திடம் நிரல் எழுதும் மேக்னாவின் பெரியப்பா. இஸ்திரி போட்ட சட்டையும், பையில் பேனாவுமாக, பரீட்சைக்கு வந்த பிள்ளை போல உற்சாகமாக வந்தார்.

முதல் தளம் ஏறினார். இரண்டாம் தளத்தில் பேச்சு நின்றது. மூன்றாவது வளைவில் கை தடுமாறியது. பிரிசில்லா ஓடிப்போய்ப் பெட்டியைக் கழற்றுவதற்குள், பக்கத்திலிருந்த குப்பைக் கூடையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முகம் கழுவி, சோடா குடித்த பிறகும் அவருக்கு நிறம் திரும்பவில்லை. இருந்தும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஸாரிப்பா. உங்க விளையாட்டு ரொம்ப நன்னா இருக்கு. எனக்குத்தான் வயசாயிடுத்து. இதுக்கெல்லாம் நான் லாயக்கில்லை."

ஹேமந்த் அவர் தோளைத் தொட்டு, "பரவால்ல அங்கிள், சில பேருக்குப் பழக நாளாவும்" என்றான்.

பிரிசில்லாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரு நல்ல மனிதர், செய்யாத தப்புக்குத் தன் வயதைப் பழிசொல்லிக்கொண்டு நிற்கிறார். மூன்றாவது வளைவில் என்ன ஆகும் என்று அவளுக்கு நான்கு மாதமாகத் தெரியும்.

அவர் போனதும் ஹேமந்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், அவர் வயசு ஒண்ணும் இல்ல. எனக்கும் அங்கதான் வாந்தி வரும். மொத நாள்லேர்ந்து. நான்தான் பொய் எழுதினு இருந்தேன்."

மேக்னா திரும்பிப் பார்த்தாள். ஹேமந்த் முகம் சிவந்தது.

"நாலு மாசமாவா? அப்ப எப்பிடி நீங்க உச்சி வரைக்கும் போனீங்க? எல்லாத் தளத்துலயும் பிழை எடுத்துக் குடுத்திருக்கீங்களே!"

"எங்க போவணும்னு பாத்துக்குவேன். கண்ண மூடிக்குவேன். போய் நின்னதும் தொறப்பேன்."

ஹேமந்த் திட்டத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் மேக்னா சிரித்துவிட்டாள்.

"ஹேமந்த், அக்கா சொல்றது டெலிபோர்ட், நடக்காமலே எடம் விட்டு எடம் தாவுறது. நான் ஆரம்பத்துலேர்ந்து வைக்கலாம்னு சொன்னது. நீதான் 'படி ஏர்ற ஃபீல் போய்டும்'னு வேணாம்ன."

அது உண்மை. ஹேமந்த் மணிக்கணக்கில் ஆடினாலும் தலைசுற்றாத ஆள். ஒரு காயமும் படாதவன் மருந்துக்கடை நடத்துவது போல, மற்றவர்களின் குமட்டல் அவனுக்குக் காதில் விழும் செய்தி மட்டுமே. அன்று முழுக்க அவன் பிரிசில்லாவின் பழைய அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். சாயந்திரம் கிளம்பும்போது பிரிசில்லாவிடம் வந்தான்.

"அக்கா, பொய் எழுதினது தப்பு. இனிமே அது கூடாது. ஆனா நாளைக்கு வாங்க. எந்த இடத்துல, எப்ப ஆரம்பிக்குதுன்னு எனக்குக் காட்டணும்."

மறுநாளிலிருந்து மூன்று வாரம் அந்த மாடியில் அவள் வயிறுதான் அளவுகோல். மேக்னா ஒரு விதி போட்டாள்: எச்சில் ஊறத் தொடங்கியதுமே பெட்டியைக் கழற்றிவிட வேண்டும், தாங்கிப் பார்க்கக் கூடாது, தெளிந்த பிறகுதான் அடுத்தது. காலையில் மட்டும் சோதனை.

முதலில் ஹேமந்த் செய்த டெலிபோர்ட்டில் குச்சியைத் தள்ளினால் கையிலிருந்து ஒளிக்கோடு வில்லாக வளைந்து தரையில் விழும். விழுந்த இடத்தில் ஒரு வட்டம். குச்சியை விட்டதும் அந்த வட்டத்துக்குப் போய்விடலாம். ஆனால் போகும் வழியையும் அவன் விர்ரென்று காட்டியிருந்தான். பிரிசில்லா இரண்டே தாவலில் பெட்டியைக் கழற்றினாள்.

"நடுவுல எதுக்கு சார் காட்றீங்க? நான்தான் கண்ண மூடிக்கினேன்னு சொன்னேனே."

அவன் நடுவழியை எடுத்துவிட்டு, ஒரு கணம் இருட்டு, உடனே புது இடம் என்று மாற்றினான். அது சரியாக வந்தது.

திரும்புவதுதான் சண்டையானது. குச்சியைத் தட்டினால் உலகம் சுழலாமல், ஒரே வெட்டாகத் திசை மாற வேண்டும். முதலில் தொண்ணூறு டிகிரி வைத்தான். குமட்டல் இல்லை, ஆனால் சுழல் படியில் இரண்டு தட்டுத் தட்டியதும் மேலே போகும் வழி எது, கீழே போகும் வழி எது என்று அவளுக்குப் புரியவில்லை. நாற்பத்தைந்து பரவாயில்லை. முப்பதில், பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் திரும்பிய பிறகும் ஓரத்தில் தெரிந்தது.

"இது போதும். எங்க கீறேன்னு தெரிது" என்றாள்.

முப்பதைத் தொடக்க அளவாக வைத்து, மற்ற அளவுகளை ஆடுபவரின் விருப்பத்துக்கு விட்டார்கள். தாவும் வட்டத்தில் ஓர் அம்பையும் மேக்னா சேர்த்தாள். எந்தப் பக்கம் பார்த்து நிற்கப்போகிறோம் என்பதைக் குச்சியைத் திருப்பி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். புயலில் படி அதிர்வது போல ஹேமந்த் ஆசையாகச் செய்திருந்த குலுக்கலை எடுத்துவிட்டு, அதிர்வைக் கைப்பிடிகளுக்கு மட்டும் கொடுத்தான். வழுக்கி நடப்பதே பிடிக்கும் என்பவர்களுக்கு அதுவும் இருந்தது. நடக்கும்போது மட்டும் பார்வையின் ஓரங்கள் இருண்டு நடுவில் குறுகிய வட்டம் தெரியும். அதில் பிரிசில்லாவால் முன்பைவிடச் சற்று நேரம் தாக்குப்பிடிக்க முடிந்தது, அவ்வளவுதான். எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிடாது என்று அறிக்கையில் இப்போது அவளே எழுதினாள். ஆடத் தொடங்குபவருக்கு முதலில் தாவலும் வெட்டுத் திரும்பலும்தான் வரும். வேண்டியவர் மாற்றிக்கொள்ளட்டும் என்று முடிவானது.

"படி ஏர்ற ஃபீல்" போய்விட்டதென்ற ஹேமந்தின் வருத்தம் மட்டும் தீரவில்லை. ஒரே தாவலில் ஒரு தளம் தாண்ட முடியாதபடி தூரத்தைக் குறைத்து, ஒவ்வொரு தாவலுக்கும் கல்படியில் செருப்பு உரசும் சத்தம் வைத்த பிறகு முகம் கொஞ்சம் மலர்ந்தது.

வெங்கடராகவனைத் திரும்பக் கூப்பிட்டபோது அவர் ஃபோனில் மரியாதையாக மறுத்துவிட்டார். பிரிசில்லா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெட்டியையும் கைப்பிடிகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, மேக்னாவிடம் விலாசம் வாங்கி, ஜெபசிங்கின் பைக்கில் அணுபுரம் போய் இறங்கினாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி கோமளம். பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"ஏம்மா, அன்னிக்கு ராத்திரி வெறும் மோர் சாதம்தான் சாப்டார். மறுபடியும் கொண்டு வந்திருக்கியே!"

"அன்னிக்கு ஆனது என்னோட தப்பும்மா. அத அவராண்ட சொல்லத்தான் வந்தேன்." கூடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பொய் 'ஓகே' எழுதியதையும், கண்ணை மூடிக்கொண்டதையும், மாங்காயையும் கூட. வெங்கடராகவன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ எனக்கு வயசானதால இல்லையா?"

"எனக்கு முப்பத்திரண்டு சார். நானும் அதே மூணாவது வளைவுலதான்."

அவர் சிரித்தார். இருந்தாலும் பெட்டியை நோக்கிக் கை நீளவில்லை. கோமளம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இங்க குடு. நான் பார்க்கறேன். வாந்தி வந்தா கழட்டிடுவேன், சொல்லிட்டேன்."

பிரிசில்லா பட்டையை இறுக்கி, கைப்பிடிகளைக் கையில் கொடுத்து, நாற்காலிப் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். கோமளம் முதல் தாவலில் "ராமா!" என்றார். இரண்டாவதில் சுற்றும் முற்றும் பார்த்தார். ஐந்தாவது தாவலில், "இந்தப் படியெல்லாம் யாரும் பெருக்கறதே இல்லையா?" என்று கேட்டார். மூன்றாவது வளைவில் பிரிசில்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் நெற்றியைப் பார்த்தாள். வேர்வை இல்லை. கோமளம் வலது குச்சியை டக், டக் என்று இரண்டு தட்டுத் தட்டி, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டு, மேலே போனார்.

இருபது நிமிஷம் ஆனது. விளக்கை ஏற்றியதும் கோமளம் கையிரண்டையும் உயர்த்திக் கும்பிட்டார். கைப்பிடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"ஏன்னா, படகெல்லாம் வரது! வந்து பாருங்கோ!"

"நான் எப்படிடி பார்க்கறது? பெட்டி உன் தலையில இருக்கே" என்றார் வெங்கடராகவன். "கழட்டு, எனக்குக் குடு."

"இருங்கோ. இன்னும் ரெண்டு படகு பாக்கி."

வாசலில் பைக்கோடு நின்ற ஜெபசிங்கிடம் பிரிசில்லா ஜன்னல் வழியாகக் கையசைத்து, உள்ளே வா, நேரமாகும் என்றாள்.