தம் போட்ட டிகாஷன்

என் அண்ணன் ரயிலில் காபி குடிக்க மாட்டார். "கழுநீரைக் கப்புல ஊத்தி காசு கேக்குறான்" என்பார். தஞ்சாவூரில் ஏறி, சென்னையில் வண்டி மாறி, செகந்திராபாத்தில் இறங்கி, திருமுல்கேரியில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையால் ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் அவருக்கு வாயே திறக்கும். அன்றைக்கு அவர் வந்தது என் மகள் தனக்கென்று பார்த்து வைத்திருந்த பையனைப் பார்க்க.

தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் கிடையாது. "எனக்கு மனசு ஒப்பலைன்னா அடுத்த வண்டியில கிளம்பிடுவேன், கல்யாணத்துக்கும் எதிர்பாக்காதே" என்று போனில் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். மாமா வராத கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று மகளும் ஒற்றைக் காலில் நின்றாள். நடுவில் நான். ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

பையன் தெலுங்குக்காரன். என் மகளோடு கல்லூரியில் படித்தவன். படித்து முடித்து, செகந்திராபாத் மார்க்கெட் பக்கம் அவன் அப்பா நடத்துகிற டீ ஹோட்டலிலேயே உட்கார்ந்துவிட்டான். "மொழியும் வேற, அதுல டீக்கடை வேறயா?" என்பதுதான் அண்ணனுக்கு ஆறவே இல்லை.

என் மகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் தமிழில் பேசினால் அவள் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் சொல்வாள். ஆனால் நாக்கு மட்டும் அசல் தஞ்சாவூர், அப்படியே மாமாவின் நாக்கு. இரண்டாவது டிகாஷனைக் கலந்து கொடுத்தால் முதல் மடக்கிலேயே டம்ளர் திரும்பி வரும். பாலை இரண்டாம் முறை காய்ச்சினால், பால் பழசு என்று முகம் சுளிப்பாள். சிக்கரி கொஞ்சம் கூடினால் அன்றைக்கு நான் தொலைந்தேன். பெற்ற தாய்க்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லாயில்லாத காபியை நல்லா இருக்கு என்று அவள் சொன்னதில்லை. எத்தனை தடவை வயிறு எரிந்து, "போய் உன் மாமன் வீட்டுலயே குடி" என்று கத்தியிருக்கிறேன்!

அன்று விடிந்ததும் குளித்துவிட்டு, பில்டரில் பொடியை ஒரு கை அதிகமாகவே போட்டு, லேசாக அழுத்தி, கொதித்த தண்ணீரை ஊற்றி மூடினேன். அது சொட்டுச் சொட்டாக இறங்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை. மூடியைத் திறப்பதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒருவழியாகக் கெட்டி டிகாஷன் இறங்கியது. என்ன வாசனை! இனி பாலைப் புதிதாக ஒரு பொங்கு விட்டு, டிகாஷன் ஒரு பங்குக்குப் பால் மூன்று பங்காக ஊற்றி ஆற்றினால் அண்ணன் குளிர்ந்துவிடுவார் என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

எட்டு மணிக்கு வரச் சொன்ன பையன் ஆறரைக்கே வாசலில் நின்றான். பாவம், அவனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. உட்காரச் சொன்னால் எழுந்தான், எழுந்தால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். எனக்கு இருந்த படபடப்பில் அவன் நடப்பதைப் பார்த்தால் தலை சுற்றியது.

"தம்பி, சும்மா சுத்தாதே. பாலைப் பாத்துக்கோ, பொங்கிடாம."

"ஹவ் ஆன்ட்டி, நான் சூசுகுண்டானு," என்று, பார்த்துக்கொள்வதாகத் தலையாட்டிவிட்டுச் சந்தோஷமாகச் சமையலறைக்குள் போனான். பால் அவன் தொழிலாயிற்றே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நான் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டேன். ஸ்டேஷனுக்குப் போன என் வீட்டுக்காரர், வண்டி லேட் என்று போன் செய்தார். வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. கேட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன்.

ஆட்டோ வந்தது. என் வீட்டுக்காரரோடு அண்ணன் இறங்கினார். முகத்தில் சிரிப்பில்லை. பையைக்கூட என்னிடம் தரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, "காபி கொண்டா" என்றார்.

சமையலறை வாசலிலேயே எனக்கு அந்த வாசனை தட்டிவிட்டது. கருகின மாதிரி, கஷாயம் காய்ச்சின மாதிரி. அடுப்பில் சின்னப் பாத்திரம், மேலே மூடி, மூடியைச் சுற்றி ஈரத் துணி, கீழே சிம்மில் தீ.

"அடப்பாவி, என்ன பண்ணினே?"

"டிகாஷன் சல்லாயிடுச்சு ஆன்ட்டி, ஆறிப்போச்சு. அதான் ஊத்தி தம் வெச்சேன். நம்ம ஹோட்டல்ல இப்படித்தான். அரை மணி தம் வெச்சா ஸ்ட்ராங்கா வரும்."

டீத்தூளுக்கு அது சரி. அவர்கள் டீ டிகாஷனை மூடி அடைத்து அடுப்பில் போட்டால்தான் அதற்கு உயிர் வரும். காபி டிகாஷனோ அடுப்பில் ஏறினால் செத்தது. சூடு வேண்டுமென்றால் வெந்நீரில் பாத்திரத்தோடு வைப்போம், அவ்வளவுதான். இது அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேனா? அவன் கடையில் பாலையும் டிகாஷனையும் தனித்தனியாகக் காய்ச்சிக் கடைசியில்தான் கப்பில் சேர்ப்பான். என் வீட்டிலும் அப்படியே இருப்பதைப் பார்த்ததும், எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டான்.

திரும்பப் போடலாம் என்று நான் பொடி டப்பாவைத் தேடுகிற நேரத்தில், அவன் சுண்டக் காய்ந்த பாலோடு அதைக் கலந்து, இரண்டு டம்ளரைத் தட்டில் வைத்துக்கொண்டு கூடத்துக்கே போய்விட்டான். "ஐயோ, வேண்டாம்டா!" என்று நான் பின்னால் ஓடினேன். அண்ணன் அதற்குள் ஒரு மடக்கு குடித்துவிட்டார்.

அவர் துப்பவில்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யார் போட்டது?"

"நான்தான் அங்கிள்." பையன் முகம் மலர்ந்து நின்றான்.

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "திரும்பிப் போற வண்டி எத்தனை மணிக்கு?"

பையன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். என்ன தப்பு என்று அவனுக்குப் புரியவில்லை, ஏதோ தப்பு என்று மட்டும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனான்.

உள்ளறையிலிருந்து ஈரத் தலையோடு வந்த என் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். நேராக வந்து தட்டில் இருந்த இன்னொரு டம்ளரை எடுத்தாள். வாயில் வைத்தாள். கீழே வைக்கவே இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா," என்றாள். அதுவும் தமிழில்.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொய் சொல்றா பாரு."

"ஆமாண்ணே."

"குழந்தையில இருந்து என் மடியில உக்காந்து நுரை குடிச்சவ. எனக்காக ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்காளா?"

"எனக்கே சொன்னதில்லைண்ணே."

அவர் கீழே வைத்த டம்ளரை எடுத்தார். மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்து முடித்தார். "உன் அப்பாவை எப்ப வந்து பாக்கட்டும்?" என்று பையனிடம் கேட்டார். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

நான் சமையலறைக்குள் போனேன். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பால் விட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். என்னால் விழுங்க முடியவில்லை. தொட்டியில் துப்பிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.