சீல் உடையாத பாட்டில்

அந்தக் கடிதம் வந்த அன்று பார்லரில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. தலைக்குச் சாயம் போட வருகிறவர்கள் போன் செய்வார்கள், இல்லையென்றால் நேரே வந்து நாற்காலியில் உட்காருவார்கள். கடிதமா எழுதுவார்கள்? எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரம்மா எழுதியிருந்தாள். கோடு போட்ட தாள், வரிசை எண், கீழே கையெழுத்து.

முதலாளி அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "ஒன்று. என் தலைக்குப் போடப்போகும் சாயம் எந்த பிராண்ட்? இரண்டு. அதோடு கலக்கும் டெவலப்பர் எந்த பிராண்ட், எத்தனை சதவீதம்? மூன்று. முழுத் தலைக்கும் பூசுவதற்கு முன் என் முடியில் ஒரு சிறு கற்றையை வெட்டி, அதில் போட்டுக் காட்ட வேண்டும். போன வருடம் வேறொரு கடையில் போட்டுக்கொண்டபோது காதுக்கு மேலே கொத்தாக ஒடிந்தது. என்ன கலந்தீர்கள் என்று கேட்டேன். 'உங்க முடி அப்படி' என்றார்கள். பதிலை எழுத்தில் தரவும்."

"சாயம் போட வர்றாங்களா, சோதனை போட வர்றாங்களா?" என்றார் முதலாளி. நாற்காலியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் ஒருத்திதான். கலர் அக்கா. அவளுடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்திருக்கும். பதினேழு வருடமாக அதே மூன்றாம் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு, நகக்கண்ணில் போகாத பழுப்பு. ஒரு தலையைப் பார்த்த மாத்திரத்தில் எதில் நரை பிடிவாதம் பிடிக்கும், எந்த முனை ஏற்கெனவே களைத்துக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவாள். வீட்டில் வாய் நீளம் என்று பெயர். வேலையிடத்தில் மட்டும் அந்த வாயைக் கட்டி வைத்திருந்தாள், அதுவும் ஒரு வருடமாக.

காரணம் ஒரு கேன். டியூபில் வரும் சாயம் தனியாக ஒன்றும் செய்யாது. டெவலப்பரோடு கலந்தால்தான் முடிக்குள் நிறம் பிடிக்கும். அது எத்தனை சதவீதம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நரைக்கு ஆறு போதும், பன்னிரண்டு போனால் பலவீனமான முடி தாங்காது. ஒரு வருடமாக முதலாளி லேபிள் இல்லாத வெள்ளைக் கேன் ஒன்றை வாங்கி வந்து, பெரிய பிராண்டின் காலி பாட்டிலில் தினம் காலையில் ஊற்றி வைக்கிறார். அதில் எத்தனை சதவீதம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு நாள் நரை அப்படியே நிற்கும், ஒரு நாள் பத்து நிமிடத்தில் செம்பட்டை அடிக்கும். ஏன் என்று கேட்டவர்களிடம் கலர் அக்காவும் சொல்லியிருக்கிறாள்: "உங்க முடி அப்படி."

அதே வார்த்தை இன்று கடிதத்தில் வந்து அவளைச் சுரீரென்று சுட்டது.

முதலாளி தாளை அவளிடம் நீட்டினார். "பாட்டில்ல இருக்கற பேரை எழுதிப் போடு. ஆறு சதவீதம்னு எழுது. டெஸ்ட்டுக்கெல்லாம் நேரமில்லைன்னு முடி. கீழ உன் கையெழுத்தைப் போடு, கலக்கறது நீதானே."

பொய் அவருடையதாம், கையெழுத்து அவளுடையதாம். நல்ல பங்கீடு!

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் வொர்க்‌ஷாப்பில் பஸ் பழுது பார்க்கிறவர். கையைத் துடைத்துக்கொண்டே, "ஊர் வம்பு நமக்கெதுக்கு? அவர் சொன்னதை எழுதிட்டு வேலையைப் பாரு. இந்த வயசுல வேற கடையில யார் சேர்ப்பாங்க?" என்றார்.

"பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஓகேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புவீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"அவங்க தலை அவங்களுக்கு பஸ்ஸைவிடப் பெருசு."

அவர் அலமாரியைத் திறந்தார். பேனா எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் போய்த் தன் கையாலேயே பதிலைக் கொடுத்தாள். டியூபின் பெயரும் நிறத்தின் எண்ணும் அதில் சரியாக இருந்தன. பிறகு இப்படி எழுதியிருந்தது: "டெவலப்பர் என்னவென்று எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுத முடியாது. வெள்ளிக்கிழமை வாருங்கள், கற்றையில் போட்டுக் காட்டுகிறேன். தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது வேறு சோதனை, அதற்கு இரண்டு நாள் வேண்டும்." கீழே முழுப் பெயர். வெகு நாள் கழித்து அதை எழுதியதில் அவளுக்கே அது யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரம்மா கடிதமும் பதிலுமாக உள்ளே வந்தாள். முதலாளி பல்லைக் காட்டி வரவேற்றார். பதிலில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

கலர் அக்கா பிடரியில் மேல்முடியைத் தூக்கி, அடியிலிருந்து இரண்டு மெல்லிய கற்றைகளை வெட்டினாள். வேர்ப்பக்கம் டேப் ஒட்டினாள். இரண்டு கிண்ணத்திலும் ஒரே டியூபிலிருந்து ஒரே எடை. முதல் கிண்ணத்தில் அலமாரி பாட்டிலிலிருந்து அளந்து ஊற்றினாள். பிறகு திரும்பி, "சார், உங்க டிராயர்ல இருக்கற பாட்டிலைக் கொடுங்க" என்றாள்.

"எந்த பாட்டில்?"

"உங்க மீசைக்குன்னு பூட்டி வச்சிருக்கீங்களே, சீல் உடையாதது. அது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாலு நாற்காலியிலிருந்தும் நாலு தலைகள் கண்ணாடி வழியே அவரையே பார்த்தன. சாவி சத்தம் போட்டது. பாட்டில் வந்தது. லேபிளில் ஆறு சதவீதம் என்று இருந்தது, காலாவதித் தேதியும் இருந்தது. மருந்துக்கடைக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்துத் தலையாட்டினாள்.

முப்பத்தைந்து நிமிடம். யாரும் பத்திரிகையைக்கூடப் புரட்டவில்லை. அலசியதும் கலர் அக்கா ஈரத்தோடு ஒவ்வொன்றிலும் ஒரு முடியை உருவி இழுத்துக் காட்டினாள். டிராயர் பாட்டிலில் ஊறியது இழுபட்டுத் திரும்பியது. மற்றது பசை மாதிரி நீண்டு பட்டென்று அறுந்தது. காய வைத்துப் பார்த்தால் ஒன்று சீரான பழுப்பு, இன்னொன்று திட்டுத்திட்டாகச் செம்பட்டை.

இரண்டாம் நாற்காலி அம்மா மெதுவாகக் கேட்டாள். "போன மாசம் என் தலையில போட்டது எது?"

கலர் அக்கா கையிலிருந்த கற்றையைப் பார்த்தாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது. உங்க முடி அப்படி.

"கேன்ல இருந்ததுதான்மா. போட்டது நான்தான். தெரிஞ்சுதான் போட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

"போதும்!" என்றார் முதலாளி. "நாளையிலேர்ந்து வர வேணாம்."

"சரி சார்." அவள் தன் பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டாள். "கடைசியா ஒண்ணு. இந்தக் கேனை இனி நான் தொட மாட்டேன், இங்கயும் சரி, வேற எங்கயும் சரி."

மருந்துக்கடைக்காரம்மா பதில் கடிதத்தை மடித்தாள். "எனக்குப் பதில் எழுதினது இவங்க. இவங்க எங்க போறாங்களோ, அங்கதான் என் தலையும்." இரண்டாம் நாற்காலி அம்மா போர்த்தியிருந்த துணியைக் கழற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்த்து முதல் நாற்காலியும்.

முதலாளி கணக்குப் புத்தி உள்ளவர், அதை மறுப்பதற்கில்லை. கதவுவரை போனவளை, "இரு, இரு" என்றார். மாலைக்குள் கேன் பின்வாசல் வழியாகப் போனது, அதை அவரே தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் அலமாரியில் சீல் உடையாத பாட்டில்கள் வரிசையாக நின்றன. மூன்றாம் நாற்காலிக் கண்ணாடியில் கலர் அக்கா அந்த இரண்டு கற்றைகளையும் ஒட்டி வைத்தாள். எடுக்கச் சொல்லி அவர் இரண்டு முறை சொன்னார். அவள் இரண்டு முறையும் கேட்காத மாதிரி இருந்தாள்.

அடுத்த வாரம் மீசைக்குச் சாயம் போட அவரே அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். வேறு யார் கையையும் அவர் நம்பியதில்லை.

"புது பாட்டில்தானே உடைக்கறே?" என்றார் கொஞ்சம் இறங்கிய குரலில்.

"உடைக்கறேன் சார்." அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். "முதல்ல மீசையில நாலு முடி கொடுங்க."