வர வேண்டாம்

குமாரசாமி சார் என் கடைக்கு வந்தால் உட்காரும் நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. அவர் அப்படிச் சொன்னதில்லை, நானும் எழுதி ஒட்டவில்லை. யாராவது உட்கார்ந்துவிட்டால் மனிதர் ஒன்றும் பேசாமல் வாசலில் நின்று, எதிர்ப்புறம் டவுன் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிற்பைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் அதை அவருக்கே விட்டுவிட்டேன்.

என் பெயர் தாஜுன்னிசா. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே டிடிபி கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, கம்பெனிக்காரர்களின் விளக்கப் புத்தகம் எல்லாம் இங்கே டைப் ஆகும். குமாரசாமி சார் மொழிபெயர்ப்பாளர். தண்ணீர் பம்பு, கிரைண்டர், தறி என்று எந்த எந்திரம் விற்றாலும் அதோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழாக்கி, கையால் எழுதிக்கொண்டு வருவார். நான் டைப் அடிப்பேன். பதினோரு வருடமாக இதுதான் நடக்கிறது.

வயது அறுபத்திரண்டு. கணபதியில் ஒற்றை அறை. மனைவி பிரிந்துபோய் எட்டு வருடம் ஆகிறது, பிள்ளை கிடையாது. மெஸ்ஸில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு என்பதால் அன்று மட்டும் பன்னும் வாழைப்பழமும். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் லீவுதான். ஒருமுறை பத்திரிகை அவசரத்துக்காகக் கடையைத் திறந்தபோது, பூட்டியிருந்த பக்கத்துக் கடைப் படியில் சார் உட்கார்ந்திருந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க அம்மணி" என்றார். கணபதியிலிருந்து யாரும் சும்மா பஸ் ஏறி வர மாட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

வேலையில் மட்டும் மகா கர்வம். நான் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் போதும், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சித்திரையில் அந்தக் கர்வத்துக்கு அடி விழுந்தது. பம்பு கம்பெனியிலிருந்து கிருபாசங்கர் என்ற இளம் இன்ஜினியர் புத்தகத்தோடு நேரே கடைக்கே வந்துவிட்டார். மரியாதையான பையன். அதனாலேயே விஷயத்தைச் சொல்வதற்குள் இரண்டு டீ குடித்து முடித்தார்.

"சார், பதினாலாம் பக்கமுங்க. பம்பு உள்ளே நிக்கிற தண்ணியைத் தினமும் வடிக்கணும்னு கட்டாயம் இல்லைன்னு இங்கிலீஷ்ல இருக்குதுங்க. 'நீட் நாட்'னு போட்டிருக்கோம்."

"ஆமாங்க. 'தினமும் தண்ணீரை வடிக்க வேண்டாம்'னு எழுதியிருக்கறேன். சரிதானுங்களே?"

"ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சக்காட்டுக்காரர் ஒரு வருஷமா வடிக்கவே இல்லைங்க. சேறு கட்டிப் பம்பு நின்னுபோச்சு. ஏனுங்க வடிக்கலைன்னு கேட்டா, 'வேண்டாம்னு உங்க புஸ்தகத்துலயே போட்டிருக்குதே, அப்புறம் நான் எப்படி வடிக்கறது'ன்னு எங்களையே கேக்கறாருங்க. இந்த மாதிரி நாலு புகார் வந்துருச்சு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அப்புறம் இருபதாம் பக்கம்" என்று கிருபாசங்கர் தயங்கினார். "'தொடர்ந்து ஓடினால் மோட்டார் சூடாகலாம்'னு இருக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மோட்டாருக்கு சார் பர்மிஷன் குடுத்துட்டாருங்க. தாராளமா சூடாகிக்கோன்னு."

"அப்படித்தான் அக்கா சில பேர் எடுத்துக்கறாங்க. சூடானா பரவாயில்லைன்னு."

மறுபதிப்புக்கு முன்னால் புத்தகம் முழுவதையும் இந்த ஒரு கண்ணோடு பார்த்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டு அவர் போனார். நான் சாரைச் சமாதானப்படுத்த வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்திருந்தார்.

அடுத்த நான்கு நாட்களும் எங்கள் கடை பள்ளிக்கூடமானது. கட்டாயம் செய் என்றால் 'வேண்டும்'. செய்தால் ஆபத்து, தடை என்றால் 'கூடாது'. செய்யாவிட்டாலும் குற்றமில்லை என்றால் 'தேவையில்லை'. அனுமதி என்றால் 'லாம்'. நடக்க வாய்ப்பு உண்டு என்றால் 'கூடும்'. ஆக மோட்டார் இனிமேல் சூடாகக்கூடும், நாம் அதைத் தொடக் கூடாது, மூடியைத் திறக்கலாம், திறப்பதற்கு முன் கரண்ட்டை நிறுத்த வேண்டும்.

"அப்ப 'வேண்டாம்'ங்கறதை எங்கீங்க சார் போடறது?" என்று கேட்டேன்.

"எங்கேயும் போடறதில்லை. அது ஆபத்தான ஆளு அம்மணி. 'வேண்டும்'ங்கறதுக்கு எதிர்ச்சொல்லுன்னு நெனச்சு இத்தனை வருஷம் போட்டுக்கிட்டிருந்தேன். ஆனா கட்டாயம் இல்லைன்னாலும் வேண்டாம்தான். செய்யாதேன்னாலும் வேண்டாம்தான். சொல்றவரு ஒண்ணை நெனச்சுச் சொல்லுவாரு, கேக்கறவரு இன்னொண்ணை..."

அதோடு நிறுத்திவிட்டார். பேனா மூடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு ஃபோனை எடுத்து வெகுநேரம் மேலே தள்ளிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினார்.

"இதை வாசிங்க அம்மணி. நீங்க யாரோ ஒரு ஆளுன்னு நெனச்சு வாசிங்க."

ஏழு வருடம் முந்தைய செய்தி. அவர் தங்கை வள்ளியாத்தாள் அனுப்பியது. பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு தோப்பில் இருக்கிறார் என்று மட்டும் எனக்குத் தெரியும். இப்படி இருந்தது: 'அண்ணா, நந்திதா கல்யாணத்துக்கு நீங்க வர வேண்டாமுங்க. மாமன் சீர் பெரியப்பா மகன் பாத்துக்குவாருங்க. மனசுல ஒண்ணும் நெனைக்க வேண்டாம்.'

தாய்மாமன் இல்லாமல் இந்தப் பக்கம் கல்யாணம் நடக்காது. என் சிநேகிதிகள் வீட்டில் எத்தனை பார்த்திருக்கிறேன். மாமன் மாலையோடு வரும்வரை மொத்த மண்டபமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மாமனை வர வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்?

"அதுக்கு முந்தின வருஷம்தான் என் ஊட்டுக்காரி கோர்ட்டுக்குப் போனா. மாப்பிள்ளை ஊடு பெரிய எடம். அத்துக்கிட்டு நிக்கற ஆளு சபையில வந்து நிக்கக் கூடாதுன்னுதான் சொல்றா போலன்னு எடுத்துக்கிட்டேன். அப்புறம் நாலு தடவை போன் பண்ணினா. நான் எடுக்கலை. அப்புறம் அவளும் அனேகமா விட்டுட்டா. எப்பவாவது போட்டாலும் நான் எடுக்கறதில்லை."

"வேற எதுவும் காரணம் இல்லீங்களா சார்?"

அவர் தன் இடது முழங்காலைப் பார்த்தார். அதில் பிளேட் வைத்திருக்கிறார்கள், மழைக்காலத்தில் நொண்டுவார். எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. அந்த வருடம் மூன்று மாதம் அவர் கடைக்கே வரவில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மாவுக்கட்டோடு கிடந்தார், எழுதியதை மெஸ்காரர்தான் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பத்தான கல்யாணம்?"

"அப்பத்தான்."

"அட என்னங்க சார் நீங்க! கட்டுப் போட்ட காலை வெச்சுக்கிட்டு அத்தனை தூரம் வரத் தேவையில்லைன்னு எழுதியிருக்காங்க."

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்லீங்க, அப்படித்தான் இருக்கணும்!"

'இருக்கணும்' என்பதை நான் உறுதியாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அது எனக்கே ஒரு பிரார்த்தனை மாதிரி கேட்டது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு மனிதர் ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக்கொண்டு, தன் வீட்டுச் செய்திக்கு மட்டும் ஏழு வருடம் தப்பர்த்தத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

சனிக்கிழமை காலையில் பொள்ளாச்சி பஸ் ஏறினார். நானே உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன், இல்லையென்றால் பாதி வழியில் திரும்பிவிடுவார். திங்கட்கிழமை கடைக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"வாங்கண்ணான்னா. அவ்வளவுதான். நேத்து வந்துட்டுப் போன ஆளைக் கூப்புடற மாதிரி. தலை பூராவும் நரைச்சுப்போச்சு அவளுக்கு. மச்சான் தவறிப்போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்களாம். எனக்குச் சொல்ல போன் போட்டாளாம். நான்தான் எடுக்கலையே."

டீ வந்தது. அவர் தம்ளரைத் தள்ளி வைத்தார்.

"சாப்பிட்டு முடிச்சப்புறம் கேட்டுப்போட்டேன். வள்ளி, நீ அன்னிக்கு வேண்டாம்னு எழுதினது எந்த வேண்டாம்னு. கால் வலியோட வரத் தேவையில்லைங்கறதா, வரக் கூடாதுங்கறதா?"

"என்னங்க சொன்னாங்க?"

"என் இலையை எடுத்துக்கிட்டுப் போயிப் போட்டுட்டு வந்தா. அப்புறம் சொன்னா. 'காலை நெனச்சுத்தானுங்க அண்ணா எழுதினேன். ஆனா நீங்க வராம இருந்தா அந்த ஊட்டுக்காரங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு ஒரு ஓரத்துல இருந்துச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டும் இருந்துச்சு.'"

ஆக நான் சொன்னதும் சரி, அவர் நினைத்ததும் சரி. என் உறுதியான 'இருக்கணும்' பாதிதான் நிஜம் என்று தெரிந்தபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னா அம்மணி. 'நான் வேண்டாம்னுதான் எழுதினேன். ஆனா நீங்க வந்திருக்கலாமுங்க. மணவறை ஏறுற வரைக்கும் வாசலையேதானுங்க பாத்துட்டு நின்னேன்.'" சார் கண்ணாடியைக் கழற்றினார். "வந்திருக்கலாம். அந்த லாமுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்களா? பர்மிஷன் முடிஞ்சுபோச்சு, வாய்ப்பும் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் மிச்சமிருக்குதே ஒரு லாம். அதை எந்தக் கட்டத்துல போட்டு எழுதறது?"

தாளில் அவர் போட்ட கோடுகள் மேசைமேல் அப்படியே இருந்தன. வேண்டும், கூடாது, தேவையில்லை, லாம், கூடும்.

டீ ஆறிப்போனது. ஆடிப் பதினெட்டுக்குத் தோப்பில் பொங்கல் வைப்பார்களாம். 'முடிஞ்சா வரலாமுங்க' என்று புறப்படும்போது தங்கை சொல்லியிருக்கிறார். அதற்கு இவர் வாசலில் பதில் சொல்லாமல் வந்துவிட்டார். இப்போது ஃபோனில் பதில் எழுத உட்கார்ந்தார். எழுத எழுத என்னிடம் காட்டினார். 'ஆடிக்கு நான் வரலாமா?' என்று எழுதி அழித்தார். 'வரக்கூடும்' என்று எழுதி, பம்பு புத்தகம் மாதிரி இருக்கிறது என்று அவரே சொல்லி அழித்தார். 'வர வேண்டும் என்று நினைக்கிறேன்' என்பது கொஞ்ச நேரம் நின்றது. அதையும் அழித்தார்.

கடைசியில் ஒரே சொல்லை எழுதி, என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டு, ஃபோனை மேசைமேல் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

'வாரேன்.'