சூடக்கா சொல்லாமல் விட்ட முதல் வரி

அந்த ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் சூடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்பதால் பாதிப் பெயர் வந்தது. மீதிப் பாதிக்கு அவளுடைய வாய் காரணம். பக்கத்து மேஜையில் படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு மடிப்பு என்றே பெயர். சூடக்காவை விடச் சின்னவள், உடன்பிறக்காத தங்கை. தேநீர் ஒரு குவளையில் வாங்கி இருவரும் குடிப்பார்கள்.

சூடக்காவின் வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கினால் உயிர் போகும் வலி. மாத்திரையை விழுங்கிவிட்டு வாயைத் திறக்காமல் வேலை பார்த்தாள். வெளியே தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்களே! மடிப்புக்கு மட்டும் தெரியும்.

அப்போதுதான் விருந்தினரிடம் துணியை வாங்கி, வெளுத்த பின் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் ஓர் இடம் காலியானது. அங்கே தோளுக்கு வேலையில்லை, ஆனால் ஆங்கிலம் வேண்டும். ஹோட்டலே சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு வைத்தது. அரிச்சுவடி கூடத் தெரியாதவர்களும் வரலாம் என்றார் டீச்சர். சூடக்கா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். "எனக்கு வேலை ஒண்ணும் வேணாம்க்கா. உங்களுக்குத் துணைக்கு வர்றேன்" என்று மடிப்பும் வந்தாள்.

வகுப்பில் ஒரு வழக்கம். இருவர் இருவராகச் சேர்ந்து, தன்னைப் பற்றி அல்ல, பக்கத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வரி எப்போதும் "ஷீ இஸ் மை ஃப்ரெண்ட்". மடிப்புக்கு இது படியவே இல்லை. "ஷீ இஸ் வொர்க்" என்பாள். கேட்கிற சூடக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

"அடியே, ஆள் யாரு, எப்படி இருக்கான்னா இஸ். என்ன செய்றான்னா இஸ் வேணாம், வொர்க்ஸ். ஐ, யூ, வீ, தே வந்தா வெறும் வொர்க். ஹீ, ஷீ வந்தா பின்னாடி ஒரு எஸ் தொங்கணும். இல்லைன்னு சொல்றப்ப டஸ் நாட். எஸ்ஸு டஸ்ஸோடவே வந்துடும், அப்புறம் வொர்க்குக்கு வேற ஒட்டாத."

வீட்டிலும் விடவில்லை. சோபாவில் குறட்டை விட்ட புருஷனைக் காட்டி, "ஹீ இஸ் மை ஹஸ்பண்ட். ஹீ ஸ்லீப்ஸ்" என்றாள். "எழுந்திருச்சா என்ன சொல்லுவே?" என்றார் அவர் கண்ணைத் திறக்காமலே. "அது நடக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

பயிற்சிக்குப் புது வாக்கியம் வேண்டுமே. சூடக்கா தன் வாழ்க்கையையே எடுத்துக் கொடுத்தாள். அவள் எங்கே இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், எங்கே வலிக்கிறது, எல்லாம். மடிப்பு திருப்பித் திருப்பிச் சொல்லி நாக்கைப் பழக்கினாள். எஸ்ஸை விழுங்கினால் சூடக்கா தொடையில் கிள்ளுவாள்.

கவுன்டர் வேலைக்கான தேர்வு நாளன்று மேலாளர் அறையில் சூடக்காவுக்கு முன்பே மடிப்பு உட்கார்ந்திருந்தாள். "துணைக்கு வந்தியா?" என்று கேட்டாள் சூடக்கா. மடிப்பு தரையைப் பார்த்தாள். மேஜையில் மனுக்கள் இரண்டு இருந்தன.

வகுப்பில் செய்ததையே செய்யுங்கள் என்றார் மேலாளர். முதலில் மடிப்பு.

"ஷீ இஸ் மை ஃப்ரெண்ட். ஷீ வொர்க்ஸ் இன் தி அயர்னிங் ரூம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஷீ ஹேஸ் பெயின் இன் ஹெர் ஷோல்டர். ஷீ டேக்ஸ் டேப்லெட்ஸ். ஷீ டஸ் நாட் டெல் யூ."

ஒரு பிழை இல்லை. கிள்ளிக் கிள்ளிப் பழக்கிய எஸ் ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருந்தது. சூடக்கா போட்ட சோற்றையே அவளுக்கு விஷமாகப் பரிமாறிவிட்டாளே, பாவி!

"நவ் யூ" என்றார் மேலாளர். மடிப்பு பல நாள் தனக்குப் பதிலாக வேறொருத்தியை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிடுவது சூடக்காவுக்கும் தெரியும். அதைச் சொல்ல ஆங்கிலமும் இருந்தது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "ஐ ஆம் சாரி, சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

கவுன்டர் மடிப்புக்குப் போயிற்று, கூடவே அங்கே போடுகிற நீலக் கோட்டும். சூடக்காவை வேலையை விட்டு நீக்கவில்லை. காலுறைகளைச் சோடி சேர்க்கிற மூலைக்கு மாற்றினார்கள். அங்கே பேச ஆளில்லை.

அடுத்த வகுப்புக்கும் இருவரும் வந்தார்கள். வெவ்வேறு வரிசை. ஆனால் டீச்சருக்கு எதுவும் தெரியாதே, பழைய சோடியையே எழுப்பினார். மடிப்பின் முகம் வெளுத்துவிட்டது.

சூடக்கா அவளை நேராகப் பார்த்தாள்.

"ஷீ இஸ் டால். ஷீ வேர்ஸ் எ ப்ளூ கோட். ஷீ வொர்க்ஸ் அட் தி கவுன்டர்."

"அருமை, ஒரு தப்பும் இல்லை. ஆனா முதல் வரியை மறந்துட்டீங்களே" என்றார் டீச்சர்.

"மறக்கலை, டீச்சர்" என்று சொல்லிவிட்டு சூடக்கா உட்கார்ந்தாள்.