கோச் என்று எழுதிய பனியன்

சவுக்குக் கம்பால் அடி வாங்கியவனுக்குத் தெரியும், முதல் அடி வலிக்காது. சத்தம் மட்டும் கேட்கும், பக்கத்தில் யாரோ விறகு ஒடிப்பது மாதிரி. ஒடிந்தது என் காறை எலும்பு. அன்றைக்கு நான் போனதோ, ஒரு வேலை நமக்குத் தோதுப்படுமா என்று பார்த்துவிட்டு வர.

எண்பதுகளின் தொடக்கம் அது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால், மூடிக்கிடந்த ஒரு அரிசி மில்லின் கொட்டகையில் ஜிம் வைத்திருந்தேன். எடைகளில் பாதி, டப்பாவில் சிமெண்ட் ஊற்றி நானே செய்தவை. என் வித்தையும் அப்படித்தான், பார்த்தும் கேட்டும் நானே சேர்த்துக்கொண்டது. சர்டிபிகேட் என்று ஒன்றும் கிடையாது. என் மார்புதான் சர்டிபிகேட் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜிம்முக்கு வருகிறவனுக்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் முடிந்தால் ஆள் வர மாட்டான். கல்யாணம் நிச்சயமானவன் தாலி கட்டும் வரை வருவான். போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிறவன் மார்பை விரித்துக் காட்டவும் கயிறு ஏறவும் பழகுவான். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதோடு சரி. மாடு பிடிக்கிற பையன்கள் மார்கழியில் கொட்டகையை நிரப்புவார்கள். தை பாதியில் ஒருத்தன் இருக்க மாட்டான். சித்திரையில் நானும் பல்லியும்தான். வேலைக்குப் போகிறவர்களுக்காக விடியும் முன்னே திறக்க வேண்டும், வேலை விட்டு வருகிறவர்களுக்காக இருட்டிய பிறகும் நிற்க வேண்டும். நடுவில் பகல் முழுக்கப் பூட்டுத்தான்.

“ஒங்களோட பேசணும்னா நானும் பீஸ் கட்டித்தான் வரணும் போல” என்பாள் என் மனைவி. அவளுக்கு அப்போது ஆறு மாதம்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஒரு வருடம் உடற்கல்வி படித்துச் சர்டிபிகேட் வாங்கியவர். உடம்பில் என்னில் பாதி இருப்பார். “மாப்ள, ஒன் சிமெண்ட் கல்லுல ஒன்னக்கூட என்னால தூக்க முடியாது. ஆனா லீவு விட்ட மே மாசத்துக்கும் எனக்குச் சம்பளம் வருது பாத்தியா” என்று சிரிப்பார். அவருடன் வேலை பார்த்த இன்னொரு மாஸ்டர் ஓய்வு பெறவிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்ததால் நானும் படிக்கச் சேரலாம். கொட்டகையை மூடிவிட்டு ஒரு வருடம் படித்து வந்தால், தாளாளரிடம் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார். கிடைக்கும் என்று சத்தியமெல்லாம் செய்யவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர்ப் பெரிய விவசாயி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஊர்க் கபடி அணிக்கு நிரந்தரக் கோச் வேண்டுமாம். வருடம் முழுக்கச் சம்பளம், நெல், தங்க ஒரு வீடு. “முதல்ல பொங்கல் ஆட்டத்துக்குப் பயலுகளத் தயார் பண்ணுங்க. ஆட்டம் முடிஞ்சதும் பதிலச் சொல்லுங்க” என்றார். பகலில்தான் எனக்கு வேலை இல்லையே. மார்கழி முழுக்க சைக்கிளில் போய்ப் பழக்கினேன்.

ஆட்டத்தன்று அவர் எனக்கு ஒரு சிவப்புப் பனியன் கொடுத்தார். நெஞ்சில் அந்த ஊர்ப் பெயர், முதுகில் பெரிய எழுத்தில் ‘கோச்’. எழுத்தில் என்னை யாரும் அதுவரை எதுவாகவும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

நடுவர் என் மச்சான். நான்தான் சொல்லி ஏற்பாடு செய்தேன், எதிர் ஊரும் தலையாட்டியது. வெளியூருக்கு ஆட்டம் நடத்தப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, தகராறு வந்தால் சட்டென்று கிளம்ப, சைக்கிளை ரோட்டைப் பார்த்து நிறுத்துவார்கள். மச்சான் அப்படித்தான் நிறுத்தினார். நான் என்னுடையதை விவசாயி வீட்டுத் தொழுவத்தில் விட்டிருந்தேன்.

“அம்புட்டு நம்பிக்கையா மாப்ள?” என்றார்.

“நம்ம ஊராயிருச்சுல்ல மச்சான்.”

நாங்கள் ஒரு புள்ளி முன்னால். கடைசி ரெய்டு. எதிர் ஊர்க்காரன் ஏறி வந்தான். எங்கள் பையன்கள் நாலு பேர் விழுந்து அமுக்கினார்கள். அவன் அந்தப் பாரத்தோடு இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டுக்குக் கை நீட்டினான். விசில் அடித்தது. அவுட் என்றார் மச்சான்.

“தொட்டான்டா, கோட்டத் தொட்டான்” என்று கூட்டம் உள்ளே இறங்கியது. நூறு கால் மிதித்ததில் சுண்ணாம்புக் கோடே காணவில்லை. எதை வைத்து யாரிடம் நிரூபிப்பது? வேலிக்கு நட்டிருந்த சவுக்குக் கம்புகளை மண்ணோடு பிடுங்கினார்கள்.

“கோச்சப் பிடிங்கடா. மச்சான ரெப்ரியாப் போட்டு வெளயாடுறான் பாரு.”

ஓடினேன். எந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாலும் முதுகு காட்டிக் கொடுத்தது. அப்போதுதான் அந்த விறகு ஒடிகிற சத்தம். விழுந்த என்னை விலாவில் மிதித்தார்கள். எங்கள் அணிப் பையன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், விரல் இடுக்கில் ரத்தமும் ஒரு பல்லும். மச்சான் நெற்றி பிளந்து, கண்ணுக்குள் ரத்தம் இறங்க, விசிலை விடாமல் ஊதிக்கொண்டே இருந்தார். விவசாயியின் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போவதைத் தரையில் கிடந்தபடியே பார்த்தேன்.

போலீஸ் வந்து அகப்பட்டவர்களை அள்ளிப்போனது. ஸ்டேஷனில் எஸ்.ஐ. முதலில் மச்சானைப் பார்த்தார்.

“நீங்க?”

“பி.டி. மாஸ்டர். மிஷன் ஸ்கூல்.”

“உக்காருங்க சார். ஏய், சாருக்குத் தண்ணி குடு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ?”

“கோச்சுங்க.”

“படிச்சு வாங்குன சர்டிபிகேட் ஏதும் இருக்கா?”

இல்லை என்றேன்.

“திரும்பு.” முதுகை வாசித்தார். “முன்னால ஊர்ப் பேரு, பின்னால கோச்சு. நீ அந்த ஊர்ப் பார்ட்டிதான? கீழ உக்காரு.”

“சார், அவரு என் தங்கச்சி புருசன். அடி வாங்குனவரு, அடிச்சவரு இல்ல” என்றார் மச்சான்.

“சொந்தக்காரங்கன்னா கேஸு இன்னும் மோசம் சார்.”

ஒரே ஆட்டம், ஒரே கூட்டம் அடித்த அடி. அவர் நாற்காலியில், நான் சிமெண்ட் தரையில், அடித்தவர்களோடு தோள் உரச. மச்சான் கெஞ்சிக் கெஞ்சிப் பேசிய பிறகுதான் காவலுக்கு ஒரு ஆளைப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவர் எழுதிக் கொடுத்த பிறகு, கேஸ் போடாமல் என்னை விட்டார்கள்.

மச்சானுக்கு மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள், சம்பளத்தோடு. எனக்குத் தோளைப் பின்னுக்கு இழுத்துக் கட்டி, மூன்று மாதம் எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். ஜிம்முக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். “நீங்க தூக்கிக் காட்டாம நாங்க எப்பிடிண்ணே” என்றான் ஒருவன், மரியாதையாகத்தான். போலீஸ் செலக்‌ஷன் பையன்கள் மட்டும் மிச்சம்.

விவசாயி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கையில் புதுப் பனியன். “அவனுகள விடக்கூடாது. மறு ஆட்டம் பேசியாச்சு. வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு. பதில் வரலையே?”

“கை சரியாகுற வரைக்கும் சம்பளம் உண்டுங்களா ஐயா?”

அவர் சிரித்தார். “சரியாகட்டும், பெறகு பேசிக்கிருவோம்.”

“அப்ப வேணாங்கய்யா” என்றேன்.

ரெண்டு நாள் கழித்து அவருடைய ஆட்கள் நாலு பேர் கொட்டகைக்கு வந்தார்கள். என் சிமெண்ட் கல்லையே எடுத்து நிலைக்கண்ணாடியில் வீசினார்கள். ஒற்றைக் கையோடு குறுக்கே போனேன். சுவரோடு சாய்த்து வயிற்றில் முட்டியால் இடித்தான் ஒருவன். “ஊர்ப் பனியன மாட்டிட்டு வேணாம்னா சொல்ற?” பெஞ்சை உடைத்தார்கள். சோறு கொண்டுவந்த என் மனைவி, வாசலில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் போய்விட்டார்கள்.

அவள் அழவில்லை. கண்ணாடிச் சில்லைக் காலால் ஒதுக்கி வழி செய்தாள். “அண்ணன் சொன்ன படிப்புல எப்பச் சேரணும்?” என்றாள்.

மிச்சம் இருந்த இரும்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். ஜூனில் சேர்ந்தேன். வலது கை இன்னும் காதுக்கு மேலே போகவில்லை. படித்து வந்தால் அந்த இடம் காலியாக இருக்குமா என்பது அப்போதும் யாருக்கும் தெரியாது. கிளம்பும் காலையில் வெள்ளைப் பனியன் போட்டிருந்தேன். கைப்பிள்ளையை மார்போடு அணைத்திருந்தவள், என் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகைப் பார்த்தாள்.

“ஒன்னும் எழுதலயே?”

“இல்ல.”

“சரி, போயிட்டு வாங்க.”