இரண்டு படிவத்திலும் மார்ச் நான்கு

எங்கள் எக்ஸ்ரே அறையில் படம் எடுக்கும் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் படத்தில் தெரிவதை மட்டும் நோயாளியிடம் சொல்லக்கூடாது, அது டாக்டர் வேலை. இருபது வருடமாக அதை மென்று விழுங்குகிறாள். பக்கத்து மேஜையில் பதிவு எழுதும் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

வயதுக்கு வந்த பெண்கள் படம் எடுக்குமுன் கடைசி மாதவிலக்குத் தேதியைப் படிவத்தில் எழுத வேண்டும். வயிற்றில் குழந்தை இருந்தால் கதிர் படக்கூடாதே, அதற்காக.

ஓட்டப்பந்தயத்தில் ஓடும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி நவம்பரில் அம்மாவோடு வந்தாள். விழவில்லை, அடிபடவில்லை, ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. ஏப்ரலில் இதேபோல் வலித்து, பாத எலும்பில் விரிசல் தெரிந்து இங்கேயே கட்டுப் போட்டிருந்தாள். படிவத்தில் மார்ச் நான்கு என்று எழுதினாள். அக்காவுக்கு ஏதோ உறுத்தியது. ஏப்ரல் படிவத்தைத் தேடி எடுத்தாள். அதிலும் மார்ச் நான்கு.

கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றதும் அம்மாவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. எப்படியோ செய்து முடித்தோம், ஒன்றுமில்லை. அக்கா அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

"நின்னு போச்சுக்கா. உடம்பு நல்லா இறுகிடுச்சுன்னா அப்படித்தான் ஆகும்னு கோச் சொன்னாரு."

காலையில் ஒரு ஆப்பிள், ராத்திரி வேகவைத்த காய், அவ்வளவுதான் அவள் சாப்பாடு. அது அம்மாவுக்கும் தெரியும். பெண்ணின் கட்டுப்பாட்டைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார்.

கால் எலும்பிலும் விரிசல். அந்தப் படத்தோடு இரண்டு படிவங்களையும் பின் அடித்து டாக்டர் முன்னால் வைத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை அக்கா நகரவில்லை. ஏப்ரலில் அவர் விரிசலை மட்டுமே பார்த்திருந்தார். இப்போது எலும்பின் வயதைப் பார்க்க மணிக்கட்டையும் படம் எடுக்கச் சொன்னார். எலும்பின் வளர்ச்சி வயதுக்கு இரண்டு வருடம் பின்தங்கியிருந்தது.

சாப்பாடு போதாவிட்டால் உடம்பு வளர்ச்சியையும் மாதவிலக்கையும் நிறுத்திவைத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். ஆயுசுக்குமான எலும்பில் பெரும்பகுதி சேர்வது இந்த வயதில்தான். எலும்பின் வளரும் முனைகள் இன்னும் மூடவில்லை, நன்றாகச் சாப்பிட்டால் விட்டுப்போன உயரம் கொஞ்சம் வரலாம். எலும்பின் பலம் முழுதும் ஈடாகுமா என்பதற்கு அவரால் உத்தரவாதம் தர முடியவில்லை.

அம்மா பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து, அடுத்த மாதப் போட்டியில் ஓடலாமா என்று கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் அக்கா சட்டைக் கையை ஏற்றி அந்தப் பெண்ணிடம் தன் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினாள். அவள் சொல்லக்கூடாதது அடுத்தவர் படத்தைப் பற்றித்தானே.

"முப்பத்தெட்டு வயசுல பாத்ரூம்ல வழுக்கி, கையை ஊனினேன், அவ்வளவுதான். உடைஞ்சுபோச்சு. உன் வயசுல ஒல்லியாகணும்னு ரெண்டு வருஷம் பட்டினி கெடந்தவ நான். தேதி நின்னுபோனதை அப்ப யாரும் கேக்கல."

"இப்ப சரியாயிடுச்சாக்கா?"

"கை ஒட்டிக்கிச்சு. எலும்பு இன்னும் வலுவில்லாமதான் இருக்கு."

அம்மா கையிலிருந்த போட்டி விண்ணப்பத்தை நிரப்பாமலே மடித்துப் பைக்குள் வைத்தார்.