வயர்லெஸ்ஸில் வந்த வீட்டுச் சேதி

காசிமேட்டில் தேசப்பனைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவர் கத்திக் கேட்காதவர்கள் இல்லை. விசைப்படகு ஓட்டுநர். கடலுக்குப் போக ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது. ஐஸ் குறைந்தால் கத்துவார், டீசல் தாமதமானால் கத்துவார், டீ ஆறிப்போனாலும் கத்துவார். இருந்தும் அவர் படகில் ஏற ஆட்கள் போட்டி போட்டார்கள், ஏனென்றால் அவரோடு போன எல்லாரும் பத்திரமாகக் கரை திரும்பியிருக்கிறார்கள்.

அவர் படகில் ஒரு சட்டம் உண்டு. கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட இரண்டே காரணம்தான்: புயல் அல்லது சாவு. ஒரு முறை, அவர் படகில் வேலை பார்த்த பாலகணேஷின் மனைவி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று படகு முதலாளி வீட்டு வயர்லெஸ்ஸில் அவனைக் கூப்பிட்டுவிட்டாள். பெயரைக் கேட்டதும் படகில் எல்லாருக்கும் உயிரே போய்விட்டது. விஷயம் காய்ச்சல்தான் என்று தெரிந்ததும் தேசப்பன் மைக்கைப் பிடுங்கி அவளைத் திட்டினார். அந்தத் திட்டு சுற்றியிருந்த இருபது படகுகளுக்கும் கேட்டது. கரைக்கு வந்த பிறகும் கோபம் தணியாமல் வீட்டில் சொன்னார்.

"வூட்டு மேட்டருக்கெல்லாம் போட்டைக் கூப்டக் கூடாது. யாரா இருந்தாலும் சரி. புரிதா?"

பத்து வயது மகள் சௌமியா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவர் மறந்துவிட்டார், அவள் மறக்கவில்லை.

இப்போது சௌமியா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உதவித்தொகை வந்தால் படிப்பு, வராவிட்டால் இறால் உரிக்கும் கம்பெனி என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

உதவித்தொகைகளின் கடைசித் தேதிகளைக் கண்காணிக்க அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். தேதி நெருங்க நெருங்க அது வாட்ஸ்அப்பில் நினைவூட்டும். பதினைந்து நாள் இருக்கும்போது ஒன்று, ஏழு நாளில் ஒன்று, மூன்றில் ஒன்று, கடைசி நாளில் ஒன்று. தேதி தாண்டினால் தாண்டிவிட்டது என்றும், அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அனுப்பியதெல்லாம் தேசப்பனின் நம்பருக்கு. மகளின் ஆதார் சின்ன வயதில் அவர் நம்பரோடு இணைக்கப்பட்டது, விண்ணப்பத்திலும் அதே நம்பர்தான். கடைசியாகச் சமர்ப்பிக்கும்போது ஓடிபியும் அதற்குத்தான் வரும். ஒவ்வொரு மனிதனும் நாள் முழுக்க போனும் கையுமாக சிக்னலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பான் என்று நம்புகிறவர்கள்தான் இந்த ஃபாரங்களை எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது பன்னிரண்டு நாள் கடலுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

பதினைந்து நாள் செய்தி வந்தபோது தேசப்பன் கரையில்தான் இருந்தார். வருமானச் சான்றிதழ் வரவில்லை, வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று ஐந்து நாள் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனார். அவர் போன இரண்டாம் நாள் சான்றிதழ் வந்தது. ஓடிபி வரவேண்டிய போனோ பிளாஸ்டிக் கவருக்குள், அவரோடு நடுக்கடலில் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துப் படகு துறைமுகத்தை நெருங்கும்போது போன் துள்ளியது. ஏழு நாள், மூன்று நாள், இன்றே கடைசி நாள், அப்புறம் இன்னொன்று. நான்கும் சேர்ந்தாற்போல் விழுந்தன. நான்காவது இது:

"விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது. உங்கள் நிலை: சமர்ப்பிக்கப்படவில்லை. அடுத்து: (1) திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் உண்டு. உங்களுக்கு இது பொருந்தாது. (2) உங்கள் தகுதிக்குப் பொருந்தும் வேறோர் அறக்கட்டளை உதவித்தொகை 18ஆம் தேதி வரை திறந்திருக்கிறது. (3) முடிந்துபோனதைத் திறந்து தருவதாகப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்."

மீனை இறக்கக்கூட அவர் நிற்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு, மீன் வாடையோடு, கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் போய் நின்றார். அங்கே அந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் மதி என்கிற பெண் இருந்தார்.

"இன்னா மேடம் இது? மூடிட்டு அப்பால மெசேஜ் அனுப்புனா அதுக்கு பேரு இன்னா?"

"மூடறதுக்கு முன்னாடியே நாலு அனுப்பியிருக்கோம் சார். பாருங்க." மதி திரையைத் திருப்பினார். சௌமியா பெயருக்கு நேரே 'அனுப்பப்பட்டது' என்று வரிசையாக இருந்தது.

"யாருக்கு அனுப்ச? நான் நடுக்கடல்ல கீறேன். அங்க இன்னா டவரு கட்டி வெச்சிகினு கீறாங்களா?"

மதி அடுத்த கட்டத்தைப் பார்த்தார். 'சேர்ந்தது' என்ற இடத்தில் முதல் செய்திக்கு மட்டும் அனுப்பிய தேதியே இருந்தது. மற்ற நான்குக்கும் அன்று காலை நேரம்தான் விழுந்திருந்தது. அவர் முகம் மாறியது.

"அனுப்பிச்சா போதும்னு இருந்துட்டேன். போய்ச் சேந்துச்சான்னு பாக்கலை. தப்புதான் சார்."

தப்பு என்று ஒரு ஆபீசில் யாராவது ஒப்புக்கொண்டு அவர் கேட்டதே இல்லை. அது அவர் கோபத்தை இன்னும் கிளறியது. ஒப்புக்கொண்டவரிடம் எவ்வளவு நேரம் கத்துவது? மகள் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்குத்தான் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல? தேதி போவுதுன்னு தெரிஞ்சும் வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த? மொதலாளி வூட்ல வயர்லெஸ் கீதே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டவரு கெடைக்கிற எடத்துக்கு போட்டைத் திருப்பியிருக்க மாட்டனா?"

சௌமியா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மொதலாளி வூட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தபா போனேன் நைனா. நீதான் வூட்டு மேட்டருக்குக் கூப்டக் கூடாதுன்ன. பாலகணேஷ் அண்ணன் சம்சாரத்தைத் திட்டுன மாரி என்னையும் திட்டுவேன்னு திரும்பி வந்துட்டேன்."

அத்தனை வருடக் கோபமும் ஓரிடத்தில் வந்து நின்று அவரையே பார்த்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மதியிடம் கத்தாமல் கேட்டார்.

"அந்த ரெண்டாவது ஒண்ணு போட்டிருந்தீங்களே. பதினெட்டாந் தேதி. அதுக்கும் ஓடிபி வருமா?"

"வரும் சார். இந்த நம்பருக்குத்தான் வரும். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட பள்ளிச் சான்றும் கேட்கிறாங்க. அது வர ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம் என்றால் அவர் மறுபடி கடலில் இருப்பார். அங்கேயே போனைத் திறந்து சிம்மை எடுத்து மகள் கையில் வைத்தார். போன் வாங்கிய நாளிலிருந்து அது இல்லாமல் அவர் கடலுக்குப் போனதில்லை. படகில் ஏறியபோது போன் எங்கே என்று ஆட்கள் கேட்டதற்கு, "கெட்டுப் போச்சு" என்று எரிந்து விழுந்தார்.

பதினேழாம் தேதி பிற்பகல். வலை இழுத்துக்கொண்டிருந்தபோது வயர்லெஸ் கரகரத்தது. கரையிலிருந்து அவ்வளவு தூரம் நேராக எட்டாது, நடுவில் நிற்கும் படகு கேட்டு மறுபடி சொல்லும். அந்தப் படகை இப்போது ஓட்டுகிறவன் பாலகணேஷ்.

"தேசப்பன் அண்ணா. தேசப்பன் அண்ணா. கரையிலேர்ந்து சேதி."

வலை இழுத்த கைகள் நின்றன. ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். தேசப்பன் மைக்கை எடுத்தார்.

"சொல்லு."

பாலகணேஷ் கொஞ்சம் தயங்கினான். இருபது படகும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது அவனுக்கும் தெரியும்.

"ஒம் பொண்ணு சொல்லச் சொல்லிச்சு. விண்ணப்பம் போயிருச்சாம். நிலை, சமர்ப்பிக்கப்பட்டதாம். அடுத்து காலேஜ்ல சரி பாப்பாங்களாம். வூட்டு மேட்டருதான், திட்டாத அண்ணா."

படகில் யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். தேசப்பன் மைக்கை வாயருகில் கொண்டுபோனார்.

"இன்னொரு தபா சொல்லு," என்றார்.